சுழலும் ஃபேன், வராத காற்று

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கிற நேரம் தாண்டினால், உள்ளே திரும்புகிற ஒவ்வொரு தெருவிலும் வாடகை அறைக் கட்டடங்கள்தான். கார், லாரி, டயர், செல்போன் என்று எல்லாம் செய்கிற பட்டை இது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த குடியிருப்பில் 18,720 படுக்கைகள் இருக்கின்றன. அதற்கு வெளியே இருப்பவர்கள் இந்தத் தெருக்களில் அறைக்கு நாலு பேர், ஆறு பேர் என்று தங்குகிறார்கள். ஏசி கிடையாது. ஃபேன்தான் எல்லாம்.

நான் போனது அப்படி ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்கு. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறைகளில் ஃபேன் சரியில்லை என்று ஓனர் அம்மா எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருந்தார். அவருடன் நானும் ஏறினேன். சித்திரை வெயில், மதியம் இரண்டு மணி. முதல் அறையில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த இரண்டு பையன்கள் பாயில் படுத்திருந்தார்கள். தூங்கவில்லை.

“ஃபேன் நல்லாத்தான் சுத்துது சார். காத்துதான் வரல” என்றான் தர்மபுரிக்காரப் பையன். “போன வாரம் கண்டன்சர் போயிடுச்சுன்னு மாத்தினோம். அதுலேர்ந்து இப்படித்தான்.”

நிமிர்ந்து பார்த்தேன். வேகத்தில் குறை தெரியவில்லை. ஆனால் ஃபேனுக்கு நேர் கீழே நின்றால் முகத்தில் ஒன்றும் படவில்லை. சுவரோரம் கொடியில் கிடந்த துண்டு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் சுவிட்சை அணைத்துவிட்டு, “நிக்கும்போது பாருங்க” என்றார். முழு வேகத்தில், அதுவும் டியூப் லைட் வெளிச்சத்தில், கண் ஏமாந்துவிடும். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது வேகம் தணியும்போதுதான் பிடிபடும். கடிகார முள் போகிற பக்கமாகவே அது சுற்றி நின்றது.

நம் ஊர் சீலிங் ஃபேன் கீழிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு றெக்கையும் சற்றுச் சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு விளிம்பு உயரம், மறு விளிம்பு தாழ்வு. உயர்ந்த விளிம்பு முன்னால் போனால் காற்று கீழே தள்ளப்படும். தாழ்ந்த விளிம்பு முன்னால் போனால் அதே காற்று மேலே போய், கூரையில் மோதி, சுவரோரமாக இறங்கும். அதனால்தான் துண்டு ஆடியது, பாய்க்குக் காற்றில்லை. அண்ணன் நாற்காலியில் ஏறி இன்னொரு சாட்சியையும் காட்டினார். றெக்கையின் உயர்ந்த விளிம்பில் கறுப்பாக அழுக்கு அப்பியிருந்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற விளிம்பில்தான் தூசி படியும். இந்த ஃபேனில் அழுக்கு விளிம்பு பின்னால் வந்தது. அதாவது, பல வருஷம் சரியாகச் சுற்றிய ஃபேன் அண்மையில்தான் திரும்பியிருக்கிறது.

மெயினை அணைத்துவிட்டு மேல் குப்பியை இறக்கினார். மோட்டாரிலிருந்து மூன்று ஒயர். உள்ளே இரண்டு காயில்கள், ரன்னிங் ஒன்று, ஸ்டார்ட்டிங் ஒன்று. இரண்டின் ஒரு முனை சேர்ந்து காமன் என்று வெளியே வருகிறது, அது நியூட்ரலுக்கு. மிச்சமுள்ள இரண்டு முனைகளுக்கு நடுவே கண்டன்சர் உட்கார்ந்திருக்கும். லைன் வந்து சேர வேண்டியது ரன்னிங் முனையில். அதைக் கண்டன்சரின் மறுபக்கம், ஸ்டார்ட்டிங் முனையில் முறுக்கிவிட்டால் போதும், ஃபேன் தலைகீழாகச் சுற்றும். மாற்றியவரைக் குறை சொல்லியும் பயனில்லை. சூட்டிலும் தூசியிலும் ஒயர்களின் நிறமே போயிருந்தது. அண்ணன் மல்டிமீட்டரை வைத்து ஒயர்களை இரண்டிரண்டாக அளந்தார். அதிக ஓம் காட்டும் ஜோடி ரன்னிங்கும் ஸ்டார்ட்டிங்கும். ஒதுங்கி நிற்பது காமன். காமனிலிருந்து அளக்கும்போது வழக்கமாகக் குறைவாகக் காட்டுவது ரன்னிங். லைனை அங்கே மாற்றி, டேப் சுற்றி, மெயினைப் போட்டார். பாயின் ஓரம் படபடத்தது.

இப்படிச் சந்தேகம் வந்தால் நாற்காலி ஏற வேண்டியதுகூட இல்லை. ஃபேனை மெதுவாக வைத்து, அதற்குக் கீழே ஓர் ஊதுவத்தியைப் பிடித்தால் புகை மேலே இழுபடுகிறதா, கீழே அமுக்கப்படுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்த அறையில் ரிமோட் வைத்த புது பிஎல்டிசி ஃபேன். அதில் ஒயர் மாற்றித் திசை மாறாது. லைன், நியூட்ரல் இரண்டுதான் உள்ளே போகும், மீதியை உள்ளிருக்கும் சர்க்யூட் பார்த்துக்கொள்ளும். ஆனால் சில மாடல்களில் ரிமோட்டிலேயே ரிவர்ஸ் பட்டன் இருக்கிறது. “குளிர்காலத்துக்கு இதை அமுக்கணுமாமே?” என்று கேட்டார் ஓனர் அம்மா.

வேண்டாம். இந்த ரிவர்ஸ், ஹீட்டர் போடுகிற வீடுகளுக்கானது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஹீட்டர் சூடாக்கிய காற்று கூரையடியில் போய்த் தேங்கும். கீழே கால் சில்லிடும். ஃபேனைத் தலைகீழாக, குறைந்த வேகத்தில் விட்டால் நடுவில் காற்று ஏறி, மேலே தேங்கிய சூட்டைச் சுவர் வழியாகக் கீழே கொண்டுவரும். உடம்பில் நேராகக் காற்று படாது. ஊட்டியில் ஹீட்டர் வைத்த அறையில் இதற்கு அர்த்தம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் மார்கழி விடியலில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்துக் கிடக்கிற மொட்டை மாடிக் கான்கிரீட் அப்போது ஆறிப்போயிருக்கும். கீழே கொண்டுவர மேலே சூடு ஏது? குளிர்ந்தால் ரெகுலேட்டரை இரண்டில் வைத்தால் தீர்ந்தது. கொசுவும் காற்றில் தடுமாறும்.

கோடையில் ரிவர்ஸ் விடுவது இன்னும் மோசம். வெயிலில் காய்ந்த கூரையின் அடிப்பக்கம் முழுக்கத் தடவி, அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு காற்று சுவரோரம் இறங்கும். வியர்வையை உலர்த்த உடம்பில் ஒன்றும் படாது. தர்மபுரிப் பையன் ஒரு வாரமாக அனுபவித்தது இதைத்தான்.

ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. யாருமில்லாத அறையில் ஓடவிட்டால் மோட்டாரின் சூடுதான் சேரும். நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. அறைக் காற்று அதற்குக் கீழே இருக்கும்வரை ஃபேன் இரண்டு வேலை செய்கிறது, உடம்புச் சூட்டை நேராக எடுத்துப்போகிறது, வியர்வையையும் உலர்த்துகிறது. அதைத் தாண்டினால் வியர்வை மட்டும்தான் துணை. 40 டிகிரிக்குக் குறைவாக இருக்கும்போது மட்டும் ஃபேன் போடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் ஃபேன் உடம்பைச் சூடாக்கவே செய்யும். மொட்டை மாடிக்குக் கீழே பகலில் தூங்குகிற நைட் ஷிஃப்ட்காரருக்கு மே மாதத்தில் இது ஏட்டுக் கணக்கல்ல. அந்தப் பையன்கள் துண்டை நனைத்து மேலே போட்டுக்கொண்டு ஃபேனை ஐந்தில் வைக்கிறார்கள். சரியான வழிதான். முடிந்தால் தரைத்தளத்தில் தூங்குவது அதைவிடச் சரி.

வேகத்துக்கு வருவோம். ‘பெரிய அறைக்குப் பெரிய ஃபேன்’ என்று கடைக்காரர் சொல்வதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்வது: அறையின் நீளமான பக்கத்தை மீட்டரில் எடுத்து 55-ஆல் பெருக்கினால், நிமிடத்துக்கு எத்தனை கனமீட்டர் காற்று தள்ளும் ஃபேன் வேண்டும் என்பது வரும்.

முதல் அறை பத்துக்குப் பத்து. 3.05 மீட்டர், பெருக்கினால் சுமார் 168. வழக்கமான 1200 மில்லிமீட்டர் ஃபேன் முழு வேகத்தில் 210 அளவுக்குத் தள்ளும். தள்ளும் காற்றும் வேகமும் ஒரே விகிதத்தில் குறையும் என்பதால், முழு வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்த அறைக்குப் போதும். ரெகுலேட்டரில் நாலு என்பது எல்லாக் கம்பெனியிலும் சரியாக அதே பங்கு இல்லை, கிட்டத்தட்ட அப்படி. பிஎல்டிசி ஃபேனில் இந்த ஒரு படி இறக்கத்துக்குக் கரண்ட் நன்றாகவே மிச்சமாகும். காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப்பெருக்கத்தில் ஏறி இறங்குவதால், ஐந்தில் நான்கு வேகத்துக்குச் சுமார் பாதி சக்தி போதும்.

கடைசி அறையில்தான் சிக்கல். பத்துக்குப் பதினாறு, ஆறு பேர், நடுவில் ஒரே 1200 ஃபேன், எந்நேரமும் ஐந்தில். கணக்குப் போட்டால் 4.88 மீட்டருக்கு 268 வேண்டும்; ஃபேன் தருவது 210. ரெகுலேட்டரில் ஆறாவது எண் கிடையாது. நடுவில் படுத்தவனுக்குச் சளி, ஓரத்தில் படுத்தவனுக்கு வியர்வை. விதித் தொகுப்பின் அட்டவணை இந்த அளவு அறைக்கு 1400 மில்லிமீட்டர் ஃபேன் என்கிறது. அண்ணன் அதைவிட இரண்டு 1050 ஃபேன் நல்லது என்றார், நீளவாக்கில் இரு முனையிலிருந்தும் நாலடி தள்ளி ஒவ்வொன்று. அறையை இரண்டு எட்டடிப் பாதிகளாகப் பார்த்தால் அது சரிதான். தவிர, பகலில் இரண்டு பேர் மட்டும் தூங்கும்போது ஒன்றை அணைத்துவிடலாம்.

உயரமும் பார்த்தோம். றெக்கைக்கும் கூரைக்கும் நடுவே ஓர் அடியாவது, 0.3 மீட்டர், விட வேண்டும். இல்லாவிட்டால் மேலிருந்து இழுக்கக் காற்றில்லாமல் ஃபேன் திணறும். இந்த அறை பத்தடி உயரம். ராடு நீளத்தைக் கணக்கிட்டு றெக்கை தரையிலிருந்து எட்டடியில் நிற்கும்படி சுவரில் பென்சிலால் கோடு போட்டார் அண்ணன்.

அப்போதுதான் ஓனர் அம்மா, இரு ஓரங்களிலும் அடுக்குக் கட்டில் போடப்போவதாகச் சொன்னார். எட்டுப் பேர் தங்கலாமாம். அண்ணன் டேப்பை விரித்துக் காட்டினார். மேல் கட்டில் பலகை ஐந்தடியில் வரும். அதில் ஒருவன் எழுந்து உட்கார்ந்தால் தலை மூன்றடி ஏறும். பென்சில் கோட்டுக்கே வந்துவிடுகிறது.

“ஃபேனை நடுவுலயே விட்டா?”

“கட்டிலு ஓரத்துல, ஃபேன் நடுவுல. மேல எழுந்து உக்கார்றவன் றெக்கை மட்டத்துல இருப்பான், அவனுக்குக் காத்து வராது. கீழ இருக்கிறவனுக்கு மேல் பலகை மறைக்கும். எட்டுப் பேருக்கும் சுவத்துல வைக்கிற ஃபேன் தனித்தனியா போட்டுடுங்கம்மா.”

எட்டு வால் ஃபேனுக்கு என்ன ஆகும் என்று அவர் விலை சொல்லச் சொல்ல, ஓனர் அம்மா பென்சில் கோட்டையும் கட்டில் வரவேண்டிய ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “கட்டிலு வேணாம்பா. ஆறு பேராவே இருக்கட்டும். அந்த ரெண்டு ஃபேனையே மாட்டிடு” என்றார்.