அந்தக் கறுப்பை நான் வெட்டினேன்

ஒரு முதியவரின் குதிகாலில் இருந்த கறுப்புத் தோலை நான் பிளேடால் வெட்டி எடுத்தேன். அதைச் செய்ய எனக்கு அனுமதி கிடையாது. மூன்றரை வருடம் நர்சிங் படித்து, கவுன்சிலில் பதிந்து, அறுவைச் சிகிச்சை வார்டில் பல வருடம் வேலை பார்த்த பிறகு, வீடு வீடாகப் போய் டிரெஸ்ஸிங் செய்ய ஆரம்பித்தவள் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், எழுபது வயதைத் தாண்டியவர். நீண்டகாலச் சர்க்கரை நோய், அதைவிட நீண்டகாலப் பீடி. இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்து, படுக்கையிலேயே கிடந்ததில் வலது குதிகாலில் படுக்கைப்புண் வந்துவிட்டது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, கருங்காலிக் கட்டை போலக் கெட்டியாக, காய்ந்த ஒரு கறுப்புத் தோல். வார்டில் நாங்கள் ‘எஸ்கார்’ என்போம். டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் எழுதியிருந்தது ஒரே வரி: உலர் டிரெஸ்ஸிங், குதிகாலில் பாரம் படக் கூடாது.

அந்த ஒரு வரிக்குள் எல்லாமே இருந்தது. செத்துப்போன தோல் எங்கே இருந்தாலும் எடுத்தால்தான் புண் ஆறும் என்பது பொது விதி. குதிகால் அதற்கு விலக்கு. அங்கே எலும்புக்கு மேல் சதை அதிகம் இல்லை; முதியவர்களுக்கு இரத்த ஓட்டமும் குறைவு. கறுப்பு காய்ந்து, அசையாமல், சுற்றிலும் சிவப்போ நீரோ இல்லாமல் இருந்தால் அதுதான் உள்ளே கிருமி போகாமல் காக்கும் மூடி. அதைத் தொடாமல் உலர வைத்து, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி வைக்க வேண்டும். கீழே புதுத் தோல் வளர வளர, ஓரம் தானாகக் கிளம்பி உதிரும். மாதக்கணக்கில் ஆகலாம்.

அந்த மாதக்கணக்குதான் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. “என்ன சிஸ்டர், வந்து வந்து துடைச்சுக் கட்டிட்டுப் போறீங்க, கறுப்பு அப்படியேதான் இருக்கு” என்று அவருடைய மகள் கேட்பார். பார்க்க வருகிற உறவினர்களோ, கால் அழுகிப்போச்சு என்று அவர் காதுபடவே பேசிவிட்டுப் போவார்கள். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றால் ஆம்புலன்ஸ், மாடிப்படி இறக்க இரண்டு ஆள், ஒரு நாள் முழுக்க அலைச்சல். “நீங்களே எடுத்துடுங்களேன், உங்களுக்குத் தெரியாததா?” என்றார் மகளான அந்த அக்கா. அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நான் விழுந்தேன். வார்டில் டாக்டர்கள் வெட்டும்போது பக்கத்தில் நின்று ஃபோர்செப்ஸ் நீட்டிய கை என்னுடையது. பார்த்துப் பழகியதைத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் போதும். பாதத்தின் மேல்புறத்தில் ஒன்று, உள்கணுக்காலுக்குப் பின்னால் ஒன்று என இரண்டு இடத்தில் நாடி பார்க்க வேண்டும். அவர் கால் சில்லென்று இருந்தது, தோல் வழவழவென்று மின்னியது, விரல்களில் ஒரு முடிகூட இல்லை. இத்தனையும் என் கண் முன்னால் இருந்தும் நான் நாடியில் விரல் வைக்கவில்லை. பிளேடை வைத்தேன். கறுப்பு வந்துவிட்டது, அடியில் வெளிறிய மஞ்சள். ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை. ‘வலிக்கவேயில்லை தாயி’ என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். இரத்தம் வராதது அந்தக் காலுக்கு ஓட்டம் மிகக் குறைவாக இருக்கலாம் என்பதற்கான அடையாளம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கட்டுப் போட்டுவிட்டு, டிரெஸ்ஸிங் நோட்டில் எழுதினேன்: ‘எஸ்கார் தானாக உதிர்ந்தது.’

இத்தனையிலும் பெரிய தப்பு பிளேடு இல்லை, அந்த வரி.

சில நாளில் புண் ஈரமாகியது, பிறகு வாடை. அப்போதே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். நான் ஒரு துண்டுச் சீட்டில் ஆன்டிபயாடிக் பெயரை எழுதிக் கொடுத்தேன். மெடிக்கல் ஷாப்பில் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். பதிவு பெற்ற டாக்டரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. எழுத எனக்கும் உரிமை இல்லை, விற்க அவர்களுக்கும் இல்லை. மாத்திரை புண்ணுக்குப் போய்ச் சேருவது இரத்தத்தின் வழியாக. இரத்தமே போகாத குதிகாலுக்கு எது போய்ச் சேரும்?

கடைசியில் மகள் புண்ணின் படத்தையும் என் நோட்டுப் பக்கத்தையும் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தானாக உதிர்ந்தது என்றால் அடியில் தோல் வளர்ந்திருக்கிறது, ஓட்டம் பரவாயில்லை என்றுதானே எந்த டாக்டரும் நினைப்பார்? டிரெஸ்ஸிங்கைத் தொடரச் சொன்னார். நான் எழுதிய பொய்யை நம்பி அவர் சொன்ன சொல்லால் இன்னும் சில நாள் போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாப்ளரில் முழங்காலுக்குக் கீழே ஓட்டம் மிகக் குறைவு. கிருமி குதிகால் எலும்புக்குள் போயிருந்தது. இரத்தக்குழாயை பலூன் வைத்துத் திறந்து பார்த்தார்கள், கால் மீளவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த ஓட்டத்தோடு அந்தக் கால் எப்படியும் போயிருக்கும் என்று ஒரு பழைய தோழி ஆறுதல் சொன்னாள். இருக்கலாம். நான் வெட்டியதால் அதைச் சரியாகத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு யாருக்கும் இல்லாமல் போய்விட்டது. அறுவைக்குப் பிறகுதான் டாக்டரிடமும் அந்த அக்காவிடமும் உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை, “முதல் நாளே சொல்லியிருந்தா அன்னைக்கே டாப்ளர் பார்த்திருப்பேன்” என்றார். அக்கா அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததில் நியாயம் இருக்கிறது.

இப்போதும் இதே வேலைதான் பார்க்கிறேன். சலைனில் புண்ணைக் கழுவுவேன், ஈரக் காஸில் ஒட்டி வருகிற அழுக்கை எடுப்பேன், டாக்டர் எழுதிய டிரெஸ்ஸிங்கைப் போடுவேன், சர்க்கரை, பிரஷர் பார்ப்பேன். குதிகாலில் கறுப்பு இருந்தால் கையுறை விரலால் ஓரத்தை அழுத்திப் பார்ப்பேன். கெட்டியாக இருந்தால் தொடுவதில்லை. சதசதவென்று அமுங்கினாலோ, நீர் கசிந்தாலோ, ஓரம் சிவந்தாலோ, வாடை வந்தாலோ அன்றைக்கே டாக்டருக்குப் போன். முதிய சர்க்கரை நோயாளிக்குக் கிருமி ஏறியிருந்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம், அதனால் காய்ச்சலுக்காகக் காத்திருப்பதில்லை. வெட்டுவதும் மருந்து எழுதுவதும் இன்சுலின் அளவை மாற்றுவதும் என் வேலை இல்லை. நோட்டில் நான் செய்ததை, செய்தபடியே எழுதுகிறேன்.

வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வருகிற நர்ஸ் பிளேடை எடுத்தால், வெட்டச் சொல்லி டாக்டர் எழுதிய சீட்டு எங்கே என்று கேளுங்கள். ‘அது என் வேலை இல்லை, டாக்டரைக் கூப்பிடுங்கள்’ என்று அவர் சொன்னால், கெஞ்சாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.