தகடு சொல்லும் கணக்கு

மோட்டாரின் உடலில் ரிவிட் அடித்துப் பதித்திருக்கும் நேம் பிளேட்டில் மிஞ்சிப் போனால் பத்துப் பன்னிரண்டு எண்கள் இருக்கும். தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் அவற்றைத் தனித்தனிச் செய்திகளாகவே படிக்கிறார்கள். அவை ஒன்றுக்கொன்று சாட்சி சொல்பவை என்பது பிடிபடச் சில மாதங்களாகும். எங்கள் பட்டறையில் தொழில் பழகும் இளைஞனுக்கு அது ஒரு புகைப்படத்தால் பிடிபட்டது.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பொன்றில் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு ரிலே கெட்டுவிட்டது. புதிய ரிலேயைக் கையோடு கொண்டுபோக வேண்டும். எனவே தகட்டைப் படமெடுத்து அனுப்பும்படி தோட்டக்காரரிடம் சொன்னோம். வந்த படத்தில் பாதித் தகட்டின்மேல் பச்சைப் பெயிண்ட் வழிந்திருந்தது. அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதினான்: 5.5 கிலோவாட், அதாவது 7.5 குதிரைத்திறன், 415 வோல்ட், மூன்று பேஸ், பவர் ஃபேக்டர் 0.82; எஃபிஷியன்சி 85 சதவீதம்; 110 ஆம்பியர்.

“110 ஆம்பியருக்கு நம்மகிட்ட ரிலே இல்லையேண்ணே” என்றான்.

“மத்த நம்பரையெல்லாம் கேட்டுப் பாரு. அதுங்க ஒத்துக்குதான்னு சொல்லு” என்றோம்.

மூன்று பேஸ் மோட்டாருக்கான சூத்திரம் அவனுக்குத் தெரியும். 1.732-ஐ 415-ஆலும் 0.82-ஆலும் பெருக்கி, வந்த எண்ணால் 5500 வாட்டை வகுத்தான். விடை 9.3 ஆம்பியர். 110 பொய் என்பது உடனே விளங்கிவிட்டது. அது 11.0 ஆக இருக்க வேண்டும்; புள்ளியைப் பெயிண்ட் விழுங்கியிருக்கிறது. ஆனால் 9.3-க்கும் 11-க்கும் இடையில் கிடந்த வேறுபாடு அவனை விடவில்லை. தகட்டில் 9.3 என்று எங்கும் இல்லையே என்றான்.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். தகட்டிலுள்ள கிலோவாட், மோட்டார் மின்கம்பியிலிருந்து வாங்கும் அளவன்று. தண்டின் வழியே பம்புக்குக் கொடுக்கும் அளவு. காயிலின் சூட்டிலும் இரும்பின் சூட்டிலும் உராய்விலும் போவதையும் சேர்த்தே மோட்டார் வாங்குகிறது. 9.3-ஐ 0.85-ஆல் வகுத்தான், 10.9 வந்தது. பெயிண்டுக்கு அடியில் இருந்த புள்ளியைக் கணக்கு காட்டிக் கொடுத்துவிட்டது. குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒன்றரை ஆம்பியர் என்று பழைய வயர்மேன்கள் விரல்விட்டுச் சொல்வதும் இதே இடத்துக்குத்தான் வருகிறது.

ரிலேயை 11-இல் வைத்தால் போதும் என்று அவன் கிளம்பியபோது மீண்டும் நிறுத்த வேண்டியிருந்தது. தகட்டின் 11 ஆம்பியர், மின்வாரியக் கம்பியிலிருந்து வரும் லைன் கரண்ட். டெல்டாவில் ஓடும்போது அது ஒவ்வொரு முனையிலும் இரண்டு காயில்களுக்குப் பிரிகிறது. ஒரு காயிலில் ஓடுவது அதை 1.732-ஆல் வகுத்த அளவு, ஏறத்தாழ 6.4 ஆம்பியர். ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஆறு கம்பிகளில் மூன்று மட்டுமே ரிலேயைக் கடந்து போகுமானால், ரிலே பார்ப்பது காயில் கரண்டைத்தான். அங்கே 11-இல் திருகி வைத்தால், லைனில் 19 ஆம்பியர் தாண்டும்வரை ரிலே அசையாது. அதற்குள் காயில் கருகிவிடும். பட்டறைக்கு எரிந்து வரும் மோட்டார்கள் சிலவற்றின் ஸ்டார்ட்டரைப் போய்ப் பார்த்தால், ரிலே தகட்டு எண்ணிலேயே ஒழுங்காக நின்றுகொண்டிருக்கும்.

6 முதல் 10 ஆம்பியர் வரை திருகக்கூடிய ரிலேயை எடுத்துப் போய் மாட்டி, 6.4-இல் வைத்தான். மோட்டார் ஓடத் தொடங்கியதும் டாங் டெஸ்டரை முதலில் உள்வரும் கம்பியில் கவ்வவிட்டான்: 9.5. பிறகு ரிலேக்குக் கீழுள்ள கம்பியில்: 5.5. ஒரே மோட்டார், ஒரே நேரம், இரண்டு எண்கள். 11 என்பது முழுச்சுமையின் எல்லை. இந்தப் பம்பு அவ்வளவு கேட்கவில்லை என்பதும் அப்போது தெரிந்தது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. காயிலை மாற்றிக் கட்டிய மோட்டாரில் சுற்றோ கம்பியின் கனமோ மாறியிருந்தால், தகடு பழைய காயிலைப் பற்றித்தான் பேசும். அதன் எண்கள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும். உள்ளிருக்கும் காயிலோடு ஒத்துப்போகாது. அங்கே டாங் டெஸ்டரும், ஒரு மணிநேரம் ஓடியபின் உடம்பில் ஏறும் சூடுமே சாட்சி. இப்போதெல்லாம் படம் வந்ததும் அவன் தோட்டக்காரரிடம் முதலில் கேட்பது, “காயில் கட்டின மோட்டாருங்களா?” என்பதுதான்.