மஞ்சள் குழியும் செல் கணக்கும்

எச்.ஐ.வி. ஆய்வகத்தில் நான் முதலில் கற்றது தட்டுக் கழுவுவதைத்தான். எலைசா தட்டில் 96 குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் வைரஸின் புரதம் ஒட்டியிருக்கும். நோயாளியின் சீரத்தை விட்டால், அந்தப் புரதத்துக்கான ஆன்டிபாடி அதைப் பற்றிக்கொள்ளும். மற்றதைக் கழுவிவிட்டு, மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை நொதியோடு விடுவோம். மறுபடி கழுவி நிறக்கரைசலைச் சேர்த்தால், நொதி தங்கிய குழி நீலமாகும். அமிலம் விட்டதும் மஞ்சளாகும்.

ஒருநாள் கடைசி வரிசையின் பன்னிரண்டு குழிகளும் மஞ்சளாகி நின்றன. நோய் அப்படி நேர்கோட்டில் வராது. கழுவும் கருவியின் எட்டு மூக்குகளில் ஒன்று அடைத்துக்கொண்டதால் ஒட்டாத நொதி வெளியேறாமல் தங்கிவிட்டது. முழுத் தட்டையும் திரும்பச் செய்தேன். அன்றிலிருந்து எண்ணைப் பார்க்கும் முன் தட்டைத்தான் பார்க்கிறேன்.

தட்டு சரியாக இருந்தாலும் அதற்குத் தெரியாத ஒன்று உண்டு: அந்த ஆன்டிபாடி யாருடையது? ஏழு மாதக் குழந்தையின் ரத்தத்தில் எலைசா பாசிட்டிவ் வந்தால், அது நஞ்சுக்கொடி வழியாக வந்த தாயின் ஆன்டிபாடியாக இருக்கலாம். பதினெட்டு மாதம் வரைகூட அது குழந்தையிடம் தங்கும். அதனால் அந்த வயதில் வைரஸின் மரபணுப் பொருளையே பி.சி.ஆர். மூலம் தேட வேண்டும்.

தொற்று உறுதியானபின் கேள்வி மாறுகிறது: எதிர்ப்புச் செல்கள் எத்தனை மிச்சம்? அதற்கு ஃப்ளோ சைட்டோமீட்டர். எலைசாவில் நாம் தேடிய ஆன்டிபாடி இங்கே நம் கைவிளக்கு. ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளை முழு ரத்தத்தில் கலந்தால், செல்களின் மேலுள்ள சி.டி.3, சி.டி.4 புரதங்களில் அவை ஒட்டும். பிறகு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசரைக் கடக்கும். எது எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்று கருவி குறிக்கும். மோனோசைட்டுகளிடமும் கொஞ்சம் சி.டி.4 உண்டு. சி.டி.3-உம் சேர்ந்து ஒளிர்கிறதா என்று பார்க்காவிட்டால் அவையும் கணக்கில் புகுந்து, எண்ணைப் பொய்யாக உயர்த்தும்.

கணக்கு எளிது. குழாயில் முன்பே எண்ணிப் போட்ட 50,000 மணிகள், 50 மைக்ரோலிட்டர் ரத்தம். கருவி 10,000 மணிகளை எண்ணும்போது 3,500 சி.டி.4 செல்கள் கடந்தன என்று வையுங்கள். மணிகளில் ஐந்தில் ஒரு பங்குதான் எண்ணப்பட்டது. ஆகவே குழாயில் மொத்தம் 17,500 செல்கள். 50-ஆல் வகுத்தால் மைக்ரோலிட்டருக்கு 350. ரத்தத்தை அளந்து விடும் பிப்பெட் சற்றுப் பிசகினாலும் இந்த எண் பிசகும்.

350 என்பது குறைவுதான்; ஏன் குறைந்தது என்பதைக் கருவி சொல்லாது. காசநோயிலும் சி.டி.4 குறையும். அதனால் அதை வைத்து மட்டும் எச்.ஐ.வி. என்று முடிவுகட்டக் கூடாது.

ரத்தம் எடுத்து அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எலைசாவுக்கான சீரத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள். சி.டி.4 குழாயை அங்கே வைக்காதீர்கள். அறை வெப்பத்திலேயே, எடுத்த அன்றே அனுப்பிவிடுங்கள். எங்களுக்கு அந்தச் செல்கள் சிதையாமல் வேண்டும்.