ஆக்‌ஷன் லிஸ்ட்டைப் பிரித்து எழுதும் வேலை

கூட்டம் முடிந்ததும் என் மேஜைக்கு இரண்டு தாள் வரும். ஒன்று அஜெண்டா, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். மற்றது ஆக்‌ஷன் லிஸ்ட், பேச்சு நடக்கும்போதே வெளியூர்க் கம்பெனிக்காரர் லேப்டாப்பில் ஆங்கிலத்தில் தட்டியது. திருவண்ணாமலைப் பக்கத்து நிலக்கடலை விவசாயிகளின் உற்பத்தியாளர் கம்பெனியும் வெளியூர் எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து ஆலை தொடங்கப் பேசிக்கொண்டிருந்த நாட்களில்தான் இந்த வேலையில் எனக்குக் கை படிந்தது. இரண்டு தாளையும் வைத்து, நம் ஊர் டைரக்டர்கள் மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கும்படி தமிழில் குறிப்பு எழுத வேண்டும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் நீட்டும் தாளில் ‘செலுத்தப்படும்’, ‘சரிபார்க்கப்படும்’ என்று முடியும் வரிகளையெல்லாம் சிவப்புப் பென்சிலால் சுழிப்பார். “இது யார் தலைல விழுதுன்னு எழுது தம்பி” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அந்த ஆக்‌ஷன் லிஸ்ட்டில் மூன்றாம் வரி: பொதுக்குழு ஒப்புதல் பெற்று மாத இறுதிக்குள் உற்பத்தியாளர் கம்பெனி பங்குத்தொகை செலுத்தும். படிக்க எளிது, அப்படியே தமிழாக்கி அனுப்பிவிடத் தோன்றும். ஆனால் அந்த ஒரு வரிக்குள் நான்கு வேலை இருக்கிறது. உற்பத்தியாளர் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு கூட்டு முயற்சியில் இறங்க, கம்பெனிச் சட்டப்படி உறுப்பினர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பதிவாகும் வாக்கில் முக்கால் பங்காவது ஆதரவு இருக்க வேண்டும். பொதுக்குழுவுக்குக் குறைந்தது 14 நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அந்தத் தேதியை முடிவு செய்ய டைரக்டர் கூட்டம் கூட வேண்டும், அதற்கு 7 நாள் முன்னால் நோட்டீஸ்.

இதைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். பணம் 30-ஆம் தேதி போக வேண்டுமானால் பொதுக்குழு 28-இல் கூட வேண்டும். தபால் நேரத்தையும் சேர்த்தால் நோட்டீஸ் 12-ஆம் தேதியே கிளம்ப வேண்டும். அப்படியானால் டைரக்டர் கூட்டம் 11-இல். நாங்கள் பேசி எழுந்தது 3-ஆம் தேதி மாலை. டைரக்டர்களுக்கான நோட்டீஸ் அன்று இரவே போயாக வேண்டும், அதைவிட்டால் மாத இறுதி தவறிவிடும். கூட்டத்தில் தலையாட்டிய ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. ஆகவே என் குறிப்பில் அந்த வரி இப்படி ஆனது: 3-அ. தலைமைச் செயல் அலுவலர் இன்று இரவு டைரக்டர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவார். 3-ஆ. டைரக்டர் குழு 11-இல் கூடிப் பொதுக்குழுத் தேதியை உறுதி செய்யும். இப்படியே 3-ஈ வரை. மூல எண்ணை மாற்றாமல் அ, ஆ சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத் தாளை வைத்திருப்பவரும் தமிழ்த் தாளை வைத்திருப்பவரும் போனில் “மூணாவது” என்றால் ஒரே விஷயத்தைப் பேச வேண்டும்.

தேதி எழுதும்போது நம் ஊர்க் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி நாளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், தீபத் திருவிழா வாரத்தில் கேட்கவே வேண்டாம். அந்த நாளில் பொதுக்குழுவுக்கு மண்டபமும் கிடைக்காது, கிராமத்து உறுப்பினர்கள் பஸ்ஸில் வந்து சேரவும் முடியாது. வெளியூர்க்காரருக்கு இது தெரிய நியாயமில்லை. தேதி இடித்தால் அன்றைக்கே அவரிடம் சொல்லி மாற்றிவிடுவது நல்லது.

ஐந்தாம் வரி சரக்கைப் பற்றியது: ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எண்ணில் சண்டை இல்லை. எங்கே அளப்பது, யாருடைய மீட்டரில் அளப்பது என்பதில்தான் சண்டை வரும். களத்தில் காய்ந்த காய் ஒரு மழை ராத்திரி லாரியில் நின்றால் ஆலை வாசலில் வேறு எண் காட்டும். கூட்டத்தில் அதைப் பேசினார்களா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். நானாக ஒரு இடத்தை எழுதிவிடவில்லை. “அளவு முடிவானது, அளக்கும் இடம் முடிவாகவில்லை, அடுத்த கூட்டத்தில் எடுக்க வேண்டும்” என்று எழுதி அதை அடுத்த அஜெண்டாவிலும் ஏற்றினேன். பேசியது, முடிவானது, நிலுவை என்ற மூன்றையும் கலக்காமல் எழுத நிதானம் வேண்டும். கலந்து எழுதினால் தாள் பார்வைக்கு நன்றாக இருக்கும், முதல் லோடு திரும்பி வரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

எழுதி முடித்ததும் ஆங்கிலம் படிக்காத ஒரு டைரக்டருக்குப் போனில் வாசித்துக் காட்டுவேன். “அப்ப நான் என்ன பண்ணணும்?” என்று அவர் திருப்பிக் கேட்டால் அந்த வரி தேறவில்லை. உடனே திருத்துவேன்.

இந்தக் குறிப்பு மினிட்ஸ் ஆகாது. மினிட்ஸ் தனி நடை, தனிப் புத்தகம், கையெழுத்தும் தனி. குறிப்பில் மறுப்பு வந்தால் புதுத் தாள் அனுப்பாதீர்கள், எந்தத் தாள் கடைசி என்று குழம்பும். பழைய வரியை அடித்து, அதே எண்ணின் கீழ்ப் புது வரியும், யார் சொல்லி எந்தத் தேதியில் மாறியது என்பதும் எழுதி, இரண்டு தரப்புக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள்.