தேதி, நேரம், சொன்ன வார்த்தை

"எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன் மேடம்" என்று சொல்லி அந்தப் பெண் ஒரு நோட்டை நீட்டினார். முதல் பக்கத்தில் ஒரே வரி: "இன்றும் மேனேஜர் அசிங்கமாகப் பேசினார்." அடுத்த பக்கத்தில், "மறுபடியும் அதே வக்கிரம்." இப்படிப் பதினோரு பக்கங்கள். மூன்றில்தான் தேதி இருந்தது. "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். யோசித்தார். நான்கு மாதம் ஓடிவிட்டது, வார்த்தைகள் நினைவில் இல்லை. அவர் பட்ட வேதனை முழுக்க உண்மை. ஆனால் அந்த நோட்டில் அது இல்லை.

நான் சில நிறுவனங்களின் உள்ளகப் புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்காருகிறேன். அந்தப் பெண் வேலை பார்த்தது அந்த நிறுவனங்களில் அல்ல, தெரிந்தவர் மூலம் வந்தவர். இங்கே எழுதுபவற்றில் இடம், ஆள், துறை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

*

அன்று அவருடன் உட்கார்ந்து, நன்றாக நினைவில் இருந்த ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் திருப்பி எழுதினோம்.

"நடந்தது: 28 பிப்ரவரி 2025, வெள்ளி, மாலை 5.40 இருக்கும். சம்பளப் பட்டியலில் கையெழுத்து வாங்க மேனேஜர் அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. பட்டியலைப் பார்க்காமல், 'என்னம்மா, இன்னிக்குப் புடவை? யாருக்காக இவ்வளவு அலங்காரம்? எனக்காகன்னா சொல்லிடு' என்றார். நான், 'சார், கையெழுத்து மட்டும் போடுங்க' என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார். வெளியே வந்தபோது வாசல் பக்கத்து மேசையில் டைப்பிஸ்ட் இருந்தார். அவருக்குக் கேட்டதா தெரியாது. மார்ச் மாதப் பட்டியலை ஆபீஸ் உதவியாளர் அண்ணனிடம் கொடுத்து அனுப்பினேன். எழுதியது: 9 ஜூன் 2025."

கடைசி வரியைச் சேர்க்க அவர் தயங்கினார். இவ்வளவு தாமதமாக எழுதினோம் என்று தெரிந்தால் நம்ப மாட்டார்களே என்ற பயம். நான் விடவில்லை. தாமதமாக எழுதியது குற்றமில்லை. அன்றே எழுதியதாகக் காட்டிக்கொள்வதுதான் தப்பு. பேனா மை, அடுத்தடுத்த பக்கங்கள், ஏதோ ஒன்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் உண்மையான பதிவுகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

*

"அசிங்கமாகப் பேசினார்" என்று எழுதினால் விசாரணையில் எது அசிங்கம் என்ற வாதம்தான் நடக்கும். "சும்மா விளையாட்டுக்குப் பேசினேன்" என்பார் அவர். "எனக்காகன்னா சொல்லிடு" என்ற வார்த்தை அப்படியே இருந்தால், சொன்னாரா இல்லையா என்பதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே அவர் பேசிய பேச்சுமொழியிலேயே எழுத வேண்டும், நல்ல தமிழுக்கு மாற்றக் கூடாது. கொச்சை வார்த்தை என்றால் புள்ளி வைத்து மறைக்கக் கூடாது. வார்த்தை சரியாக நினைவில்லை என்றால், "ஏறக்குறைய இப்படி" என்று எழுதினால் போதும்.

"வேண்டுமென்றே", "கெட்ட எண்ணத்தோடு" என்பவையும் வேண்டாம். அவர் மனதுக்குள் நாம் போய்ப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினார் என்பதைப் பார்த்தோம், அதை எழுதலாம்.

*

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பேசுவது விரும்பத்தகாத நடத்தையைப் பற்றி. பாலியல் சாயல் கொண்ட பேச்சும் அதில் அடக்கம். அப்படியானால் 'எனக்கு விருப்பமில்லை' என்பதை நோட்டில் எப்படிக் காட்டுவது? முத்திரை குத்தி அல்ல. நான் என்ன சொன்னேன், என்ன செய்தேன் என்பதே அதைக் காட்டும். 'கையெழுத்து மட்டும் போடுங்க' என்றேன். அடுத்த மாதம் பட்டியலை வேறொருவரிடம் கொடுத்து அனுப்பினேன். பயத்தில் சிரித்து வைத்தேன் என்றால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பல பெண்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு "அவங்களும் சிரிச்சாங்களே" என்று கேட்கும்போது, அன்றிரவே எழுதிய வரி கையில் இருப்பது பெரிய பலம்.

*

ஒரு குழுவில் பார்த்தது. பெண் கொடுத்த தேதி 12 மார்ச். மேலாளர் பயணப்படி வவுச்சரை எடுத்து வைத்தார்: அன்று அவர் வெளியூரில். புகாரே பொய் என்று கிளம்பினார்கள். நோட்டை வாங்கிப் பார்த்தோம். அதே பதிவில், "ஆடிட்டர் வந்த நாள், மதியம் சாப்பாடு வெளியிலிருந்து வந்தது" என்று ஒரு வரி. வருகைப் பதிவேட்டின்படி ஆடிட்டர் வந்தது 11-ஆம் தேதி. மேலாளர் அன்று அலுவலகத்தில் இருந்தார். தேதி ஒரு நாள் பிசகியிருந்தது, சம்பவம் பிசகவில்லை. அன்றிலிருந்து கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: தேதியோடு அந்த நாளின் ஒரு சாதாரணத் தகவலையும் சேர்த்துவிடுங்கள். மின்சாரம் போனது, யார் லீவு, எந்த ஃபைல். பிறர் சரிபார்க்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும்.

*

காலக்கெடு விஷயத்தில்தான் மனம் கனக்கிறது. சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தொடர் சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். உரிய காரணம் இருந்தால், அதை எழுத்தில் பதிவுசெய்து குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டலாம். பிப்ரவரி 28-இல் நடந்தது ஒன்றே ஒன்று என்றால் மே மாதக் கடைசியிலேயே கெடு முடிந்திருக்கும். முதலில் சொன்ன பெண்ணின் நோட்டில் தேதியோடு இருந்த மூன்று பக்கங்களில் ஒன்று ஏப்ரல் 30. எனவே ஜூலைக் கடைசி வரை நேரம் இருந்தது. "மறுபடியும்" என்ற சொல்லை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது.

*

தைத்த நோட்டு, பக்க எண் போட்டது. தப்பாக எழுதினால் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தலாம். பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். ஆபீஸ் கணினியில் வேண்டவே வேண்டாம், ஒரே நாளில் கடவுச்சொல்லை மாற்றிவிடுவார்கள். பக்கத்தைப் படமெடுத்து சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால் அனுப்பிய தேதியும் பதிவாகிவிடும்.

மேலாளர் மன்னிப்புக் கேட்ட நாள் இருந்தால் அதையும் எழுதுங்கள். நமக்குச் சாதகமானது மட்டுமே உள்ள நோட்டைப் படிப்பவருக்குச் சந்தேகம் வரும்.

*

நோட்டு மட்டுமே தீர்ப்பைத் தந்துவிடாது. டைப்பிஸ்ட் வந்து பேச வேண்டும், பதிவேடுகள் ஒத்துப்போக வேண்டும். ஆனால் நிரூபிக்க முடியாமல் போனது என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர்மீது நடவடிக்கை எடுக்க முடியாது. சட்டத்தின் 14-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடமானாலும், புகார் முதலாளி மீதே என்றாலும், மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.

புகார்க் கடிதம் ஆறு நகல் கொடுக்க வேண்டும். "இது பாலியல் துன்புறுத்தல்" என்று சொல்ல வேண்டிய இடம் அந்தக் கடிதம்தான். அங்கே தயங்காமல் சொல்லுங்கள். கடிதத்தோடு நோட்டுப் பக்கங்களின் நகலை மட்டும் இணையுங்கள். மூல நோட்டைக் கேட்டால் விசாரணையில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் ஜூலை இரண்டாம் வாரத்தில் புகார் கொடுத்தார். இணைத்தது மூன்றே மூன்று பக்கங்கள். மீதி எட்டுப் பக்கங்களை எதற்கும் பயன்படுத்த முடியவில்லை.