பச்சைக் கதவு

காயல்பட்டினத்திலிருந்து மைத்துனர் ஒரு புகைப்படத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். புது வீட்டிற்கு வரும் வழியைக் காகிதத்தில் கையால் வரைந்து, அதைப் படமெடுத்திருந்தார். உடன் ஒரு சொல்லும் இல்லை. செம்மையாக வரைந்து தரக் கேட்கிறாரா, வழியை எழுத்தில் விளக்கச் சொல்கிறாரா, விடுபட்ட அடையாளங்களைச் சுட்டச் சொல்கிறாரா? நாமே ஊகிக்க வேண்டியதாயிற்று.

கோடுகள் அளவுகோல் வைத்து இழுக்கப்பட்டிருந்தன, அம்புக்குறிகளும் தெளிவு. ஆனால், தெருவிலிருந்து முடுக்கிற்குள் திரும்பும் இடம் மட்டும் இருமுறை அழித்து வரையப்பட்டிருந்தது. அவர் தயங்கிய இடம் அதுவே. அங்கே அடையாளமாகக் குறித்திருந்தது ஒரு பச்சைக் கதவு. பெண் வீட்டார் வரவிருப்பதோ மஃரிபுக்குப் பின். இருளில் பச்சையேது, நீலமேது? முடுக்கு மாறினால், அயல்வீட்டுப் பெண்கள் புழங்கும் இடத்தில் போய் நிற்பார்கள்.

"பள்ளிவாசலிலிருந்து எத்தனையாவது முடுக்கு? தவறித் தாண்டிவிட்டால் முதலில் எதிர்ப்படுவது எது?" என்று எழுதிக் கேட்டோம். தம் வீட்டைத் தாண்டிப் போகிறவர் எவருமில்லை. ஆகவே, இரண்டாவதை எவரும் வரைவதில்லை.

அரை மணி கழித்துப் பதில் வந்தது: "நடந்து எண்ணிவிட்டு வந்தேன், மச்சான். நான்காவது. தாண்டினால் மருந்துக் கடை விளக்குத் தெரியும். இத்தனை நாளும் எண்ணியதில்லை."