பிள்ளைச்சாவடியில் இரண்டு சவுக்கு முளைகள்

லெவல் கருவியைப் பற்றி எழுதுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் வீடு கட்டுகிறவர்கள், பிள்ளைகளுக்காகக் கட்டிக் கொடுக்கிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். வாசல்படி எவ்வளவு உயரம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் அந்த முக்காலி மேல் இருக்கும் சின்னக் குழாயை நம்பித்தான் முடிவாகிறது. அந்தக் குழாய் நேராகப் பார்க்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை ஒதுக்குகிறவர்கள்தான் குறைவு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது 'தரைமட்டம் எவ்வளவு ஏற்றலாம்' என்பதைத்தான். பழைய நண்பரின் மகன் பிள்ளைச்சாவடியில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கடல் பக்கமாக, சுமார் 300 மீட்டர் உள்ளே ஒரு மனை வாங்கியிருந்தான். பொறியியல் கல்லூரி (இப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) இருக்கிற அதே ஊர்தான். கடல் கரையை அரித்துத் தின்பது ஊரறிந்த கதை. ஆனால் அவனுக்குக் கவலை கடலைப் பற்றியல்ல, மேலேயிருந்து விழுகிற தண்ணீரைப் பற்றி. "மாமா, ஒருமுறை வந்து பார்த்துட்டுப் போங்க" என்றான். போனேன்.

மனைக்கு முன்னால் தெருவில் ஒரு வடிகால் வரப்போகிறது. இன்னும் கட்டவில்லை, வரைபடத்தில் மட்டும் இருக்கிறது. அதன் அடிமட்டம் சாலையோரக் கல்வெர்ட்டின் கைப்பிடிச் சுவரில் உள்ள ஒரு குறியிலிருந்து கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தக் குறியின் உயரத்தை 10.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டின் மழைநீர் வாய்க்கால் 20 மீட்டர் ஓடி அந்த வடிகாலில் விழ வேண்டும். கிடைக்கிற சரிவு மொத்தமே 10 சென்டிமீட்டர். அதாவது 200-க்கு 1. மணல் பூமியில் இதுவே சிக்கனமான சரிவு. இதில் 3 சென்டிமீட்டர் போனால் மிச்சம் 7. ஆகவே சாலைக் குறியின் உயரத்தை மனைக்குள் சரியாகக் கொண்டு வந்து சேர்ப்பதுதான் முழு வேலையும்.

வேலையை எடுத்திருந்த இளம் பொறியாளர் நல்ல பையன். முதல் நாளே லெவல் எடுத்து முடித்திருந்தார். மனை மூலையில் ஒரு கல் நட்டு, அதன் உயரம் 6.418 என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தார். கருவி வாடகைக்கு எடுத்த ஆட்டோ லெவல். "சார், போய்ட்டுத் திரும்பியும் வந்து க்ளோஸ் பண்ணிட்டேன். 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம்" என்று நோட்டைக் காட்டினார். நோட்டு சுத்தமாக இருந்தது. எழுத்தும் அழகு. ஆனால் தூரங்களைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது.

சந்து வளைந்து வளைந்து போகிறது. நிழல் இருக்கிற இடமாகப் பார்த்து ஐந்து இடங்களில் முக்காலியை வைத்திருக்கிறார். ஒவ்வொரு இடத்திலும் பின்பார்வை ஏறக்குறைய 15 மீட்டர், முன்பார்வை 45 மீட்டர். திரும்பி வரும்போதும் அதே நிழல்களில்தான் முக்காலி. அப்போது பின்பார்வை 45, முன்பார்வை 15.

இங்கேதான் விஷயம். கருவிக்குள் குமிழி நடுவில் நின்றாலும் பார்வைக் கோடு சற்றே மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ சாய்ந்திருக்கலாம். ஆங்கிலத்தில் கொலிமேஷன் பிழை என்பார்கள். சாய்வு எவ்வளவு சிறிதானாலும், தூரம் கூடக்கூடப் பிழையும் அதே விகிதத்தில் கூடும். பின்பார்வையும் முன்பார்வையும் ஒரே தூரம் என்றால் இரண்டிலும் ஒரே பிழை வந்து, கழிக்கும்போது காணாமல் போய்விடும். தூரம் வேறுபட்டால் போகாது. 15-க்கும் 45-க்கும் வித்தியாசம் 30 மீட்டர். ஐந்து இடங்களில் 150 மீட்டர் அளவுக்குப் பிழை ஒரே திசையில் சேரும். திரும்பி வரும்போது தூரங்கள் தலைகீழ். ஆகவே போகும்போது சேர்ந்த அவ்வளவும் வரும்போது கழிந்துவிடும். நோட்டில் 2 மில்லிமீட்டர்தான் காட்டும். மனையில் உள்ள கல்லின் உயரம் மட்டும் தவறாக நிற்கும். திரும்பி வந்து சரிபார்ப்பது வாசிப்புத் தவறையும் எழுத்துத் தவறையும் பிடிக்கும். இதைப் பிடிக்காது.

"நாளைக்குக் காலையில் ஆறு மணிக்கு வாங்க தம்பி, கருவியையே கேட்டுப் பார்ப்போம்" என்றேன். வெயில் ஏறினால் மணலுக்கு மேல் காற்று நெளியும், ஸ்டாஃபில் எண்கள் ஆடும். அதனால்தான் அந்த நேரம்.

முளைக்கு அந்தப் பக்கம் பஞ்சமில்லை, எங்கும் சவுக்குதான். முக்கால் மீட்டர் நீளத்தில் இரண்டு வெட்டி, நடக்கிறவர் காலில் தட்டாத இடமாகப் பார்த்து, 60 மீட்டர் இடைவெளியில் அடித்தோம். மேலே குமிழ்த்தலை ஆணி. மணலில் கட்டை முளை அடித்தால் ஸ்டாஃபின் எடைக்கே ஓரிரு மில்லிமீட்டர் இறங்கிவிடும். பிறகு கருவியைச் சொல்வதா, முளையைச் சொல்வதா என்று தெரியாது. நீளமாக அடிப்பதற்குக் காரணம் அதுதான். முதல் முளைக்கு அ, இரண்டாவதற்கு ஆ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

முதலில் சரியாக நடுவில், இரண்டுக்கும் 30 மீட்டரில், கருவியை வைத்தோம். அ-வில் 1.452. ஆ-வில் 1.318. வித்தியாசம் 0.134. வாசிப்பு அதிகமான இடம் தாழ்வு, ஆகவே ஆ-வை விட அ 134 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. கருவி கெட்டிருந்தாலும் இந்த வித்தியாசம் உண்மையானது. இரண்டு பக்கமும் ஒரே தூரம் என்பதால் பிழை ஒன்றையொன்று தின்றுவிடும். சந்தேகத்துக்கு, முக்காலியின் உயரத்தை மாற்றி மறுபடி எடுக்கச் சொன்னேன். மறுபடியும் 0.134 வந்தது. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. முதல் வித்தியாசம் தப்பென்றால் பின்னால் வருவதெல்லாம் தப்பு.

பிறகு கருவியைத் தூக்கி, ஆ-வையும் தாண்டி 3 மீட்டரில், இரண்டு முளைக்கும் நேர்கோட்டில் வைத்தோம். இப்போது ஆ 3 மீட்டர், அ 63 மீட்டர். ஆ-வில் 1.402. மூன்று மீட்டரில் கருவியின் பிழை கண்ணுக்குத் தெரியாத அளவு, அதை நம்பலாம். அப்படியானால் அ-வில் 1.402-உடன் 0.134 சேர்த்து 1.536 வர வேண்டும்.

பையன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "1.524 சார்."

12 மில்லிமீட்டர் குறைவு. 60 மீட்டர் தூர வித்தியாசத்தில் 12 என்றால் மீட்டருக்கு 0.2 மில்லிமீட்டர். பார்வைக் கோடு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. கட்டட வேலைக்குப் பொதுவாக 20 மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் 60-க்கு 3. இது நான்கு மடங்கு.

தரையில் குந்தியபடியே பையன் கணக்குப் போட்டார். சேர்ந்த தூர வித்தியாசம் 150 மீட்டர், மீட்டருக்கு 0.2, மொத்தம் 30 மில்லிமீட்டர். எந்தப் பக்கம்? கோடு கீழே சாய்ந்தால் தூரத்து வாசிப்பு உண்மையை விடக் குறையும். போகும்போது தூரமானது முன்பார்வை. முன்பார்வை குறைந்தால் போய்ச் சேரும் இடம் உயரமாகத் தெரியும். ஆகவே கல்லில் எழுதிய 6.418 உண்மையை விட 3 சென்டிமீட்டர் அதிகம். அந்தக் கல்லை நம்பித் தரைமட்டம் வைத்திருந்தால் வீடு 3 சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கும். வாய்க்காலின் 10 சென்டிமீட்டர் சரிவில் அது போயிருக்கும்.

கணக்கை மட்டும் நம்பக் கூடாது என்று, அதே கோணல் கருவியை வைத்தே சாலையிலிருந்து மனைக்கு மறுபடி போனோம். இந்த முறை ஒவ்வொரு இடத்திலும் பின்தூரமும் முன்தூரமும் சமம். நாடா பிடிக்க வேண்டியதில்லை. குறுக்கிழைக்கு மேலும் கீழும் இரண்டு குட்டிக் கோடுகள் உண்டு, அவற்றின் வாசிப்பு வித்தியாசத்தை நூறால் பெருக்கினால் தூரம். முக்காலி நிழலில் நிற்கிறதா வெயிலில் நிற்கிறதா என்று பார்க்க முடியாது, அவ்வளவுதான் கஷ்டம். கல்லுக்கு வந்த உயரம் 6.389. பழையதிலிருந்து 29 மில்லிமீட்டர் குறைவு. கணக்கு சொன்னது 30.

கண்ணாடிப் பக்கம் மூடியைத் திறந்தால் ஒரு சின்னத் திருகு இருக்கும். இழை 1.536-க்கு வரும்வரை அதைத் திருப்பி, பிறகு முழுச் சோதனையையும் மறுபடி செய்தால் கருவி சரியாகிவிடும். பையன் அதற்கு ஆசைப்பட்டார். வேண்டாமென்றேன். கருவி நம்முடையதல்ல. போதாக்குறைக்கு ஆட்டோ லெவலுக்குள் கோட்டைக் கிடையாக வைக்கும் பட்டகம் மெல்லிய கம்பியில் தொங்குகிறது. அது முட்டிக்கொண்டு நின்றாலும் இதே அறிகுறிதான் காட்டும், திருகால் அது தீராது. லேசாகத் தட்டிப் பார்த்தோம். இழை ஆடிவிட்டுப் பழைய இடத்திலேயே வந்து நின்றது, பட்டகம் சுதந்திரமாகத்தான் இருந்தது. ஆகவே திருகைச் சரிசெய்தாலே போதும் என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு சோதனை வாசிப்புகளையும் சேர்த்து, கருவியோடு வாடகைக் கடைக்கு அனுப்பி வைத்தோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் வேலை கற்ற பெரியவர் ஒருவர் எங்களோடு இருந்தார். ஸ்டாஃபை 'மீர்' என்பார். பக்கத்து மாவட்டத்தில் அடி, அங்குலத்தில் கணக்குப் போட்ட காலத்திலேயே அவர் மீட்டரில் அளந்தவர். காலையில் பெட்டியைத் திறந்ததும் டீ குடிப்பதற்கு முன் முளை அடிப்பார். டம்பி லெவல் வண்டியில் ஆடிக்கொண்டே வரும், பேச்சு வாங்கும். அதனால் வாரம் ஒருமுறை சோதனை, வண்டி பள்ளத்தில் விழுந்தால் அன்றைக்கே சோதனை என்பது அவர் கணக்கு. ஆட்டோ லெவல் வந்ததும் எல்லாம் தானாக நடக்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டது. தானாக நடப்பது கிடையாக்குவது மட்டும்தான். இழை இடம் மாறியிருந்தால் அந்தக் கருவி கோணலைத்தான் கிடையாக்கும்.

இப்போது அந்தக் கல்லில் 6.418-ஐ அடித்துவிட்டு 6.389 என்று எழுதியிருக்கிறது. பழைய எண்ணைச் சுரண்டி எடுக்கலாமா என்று நண்பர் மகன் கேட்டான். வேண்டாம், குறுக்கே ஒரு கோடு போதும், கொத்தனார் இரண்டையும் பார்க்கட்டும் என்றேன். மூலைத் தூண்களுக்கு மட்டம் குறிக்கும்போது கருவியை மனையின் நடுவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். எல்லாத் தூணும் ஏறக்குறைய 12 மீட்டரில் வருகிறது.